ஐந்து ஆட்டத் தொடரின் நிகழ்தகவு: வரலாறு

ஐந்து ஆட்டத் தொடர் என்பது இருவர் அல்லது இரு அணிகள் மோதும் போட்டியில் யார் முதலில் மூன்று ஆட்டங்களை வெல்கிறாரோ அவரே தொடரை வென்றவர் என்னும் முறை. பெரும் டென்னிசுப் போட்டிகளின் ஆடவர் பிரிவில் ஐந்து செட் ஆடப்படுவது இதற்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு. ஓர் ஆட்டத்தை மட்டும் வெல்லும் வாய்ப்பு தெரிந்தால் முழுத் தொடரையும் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பது இன்று பள்ளிக் குறிப்பேட்டில் அரைப்பக்கத்தில் முடியும் கணக்கு. அந்த அரைப்பக்கத்தை எழுத ஐரோப்பியக் கணிதவியலாளர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நிகழ்தகவுக் கணிதத்தின் தொடக்கமாகக் கருதப்படும் 1654ஆம் ஆண்டுக் கடிதங்களில் பாஸ்கல் எடுத்துக்காட்டாகக் கொண்டதும் மூன்று வெற்றிக்கு ஆடும் இதே ஆட்டம்தான்.

== பாதியில் நின்ற ஆட்டம் ==

கேள்வி முதலில் இன்றுள்ள வடிவில் எழவில்லை. வாய்ப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை; பணத்தை எப்படிப் பிரிப்பது என்றுதான் கேட்டார்கள். இருவர் சம அளவில் பணம் கட்டி ஆடத் தொடங்குகிறார்கள். குறித்த எண்ணிக்கையை முதலில் எட்டுபவருக்கு மொத்தப் பணமும் சேரும். ஏதோ காரணத்தால் ஆட்டம் பாதியில் நின்றுவிடுகிறது. ஒருவர் முந்தி நிற்கிறார், ஆனால் இன்னும் வெல்லவில்லை. பந்தயப் பணத்தை எந்த விகிதத்தில் பகிர்வது?

இத்தாலிய வணிகக் கணக்கு மரபில் இக்கேள்வி பழையது. லூக்கா பசியோலி 1494இல் வெனிசில் அச்சிட்ட கணித நூலில் அறுபது புள்ளிக்கு ஆடும் ஒரு பந்தாட்டத்தைக் கொண்டு இதை எழுப்பினார். ஆட்டம் நிற்கும்போது ஒரு தரப்பிடம் 50 புள்ளி, மறுதரப்பிடம் 20. எனவே 5க்கு 2 என்று பிரிக்க வேண்டும் என்றார் பசியோலி. கூட்டு வணிகத்தில் முதலீட்டுக்கு ஏற்ப இலாபத்தைப் பிரிப்பது போன்ற ஏற்பாடு இது. வணிகர்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்த நூலில் அந்த விடை வந்ததில் வியப்பில்லை.

1556இல் தார்த்தாலியா இதன் ஓட்டையைச் சுட்டினார். ஒரு தரப்பு ஒரே ஒரு முறை புள்ளி எடுத்து, மறுதரப்பு எதுவும் எடுக்காத நிலையில் ஆட்டம் நின்றால், பசியோலியின் விதிப்படி முதல் தரப்புக்கே முழுப் பணமும் போய்விடும். அறுபதில் பத்தை மட்டும் எட்டியவர் எல்லாவற்றையும் அள்ளிச் செல்வது முறையாகாது. தார்த்தாலியா வேறொரு விதியை முன்வைத்தார். ஆனால் இக்கேள்வி கணிதத்தைவிட வழக்காடுதலுக்கே ஏற்றது என்ற ஐயமும் அவருக்கு இருந்தது.

இருவருமே நடந்து முடிந்த ஆட்டங்களைத்தான் எண்ணினார்கள். விடையோ இனி நடக்கவேண்டிய ஆட்டங்களில் இருந்தது.

== 1654 சூலை 29: பாஸ்கலின் கடிதம் ==

பாரிசில் இருந்த பிலேசு பாஸ்கலும், தூலூசில் நீதிமன்ற உறுப்பினராக இருந்த பியேர் டி பெர்மாவும் 1654இல் இதுபற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். சூதாட்டத்தில் ஈடுபாடு கொண்ட செவாலியே டி மேரே என்பவர் பாஸ்கலிடம் எழுப்பிய கேள்விகள் இதற்குத் தூண்டுதலாக இருந்தன. சூலை 29ஆம் தேதியிட்ட கடிதத்தை எழுதியபோது பாஸ்கல் உடல்நலமின்றிப் படுக்கையில் இருந்தார்.

அக்கடிதத்தில் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. இருவர் மூன்று வெற்றிக்கு ஆடுகிறார்கள். ஆளுக்கு 32 பிஸ்டோல் கட்டியிருக்கிறார்கள். பிஸ்டோல் என்பது அக்காலப் பொன் நாணயம். மொத்தம் 64. இருவரும் சம வலிமையுள்ளவர்கள்.

பாஸ்கல் கணக்கை முடிவிலிருந்து தொடங்கினார். முதல் ஆட்டக்காரர் இரண்டு வென்றிருக்கிறார், மற்றவர் ஒன்று வென்றிருக்கிறார் என்று கொள்வோம். அடுத்த ஆட்டத்தை முதலாமவர் வென்றால் 64ம் அவருக்கு. தோற்றால் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகிவிடும். அப்போது பிரிந்தால் ஆளுக்கு 32. ஆகவே தோற்றாலும் 32 அவருக்கு உறுதி. மீதி 32 யாருக்கும் போகலாம் என்பதால் அதில் பாதி அவருக்கு. மொத்தம் 48.

இப்போது ஒரு படி பின்னால் போகலாம். முதலாமவர் இரண்டு வென்றிருக்கிறார், மற்றவர் ஒன்றும் வெல்லவில்லை. அடுத்ததை வென்றால் 64. தோற்றால் மேலே பார்த்த நிலைக்கு வருவார், அதன் மதிப்பு 48. இரண்டின் நடுவில் 56. இன்னும் ஒரு படி பின்னால், ஒன்றுக்குச் சுழியம் என்ற நிலையில், வென்றால் 56. தோற்றால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது 32. நடுவில் 44.

இதிலிருந்து தொடரின் முதல் ஆட்டத்தை வெல்வது எதிராளியின் பணத்தில் 12 பிஸ்டோலைப் பெற்றுத் தருகிறது என்று தெரிகிறது. தொடர்ந்து இரண்டாவதை வெல்வது இன்னொரு 12ஐயும், மூன்றாவது கடைசி 8ஐயும் தரும். மூன்றுக்குச் சுழியம் என்று வெல்பவருக்குக் கடைசி வெற்றிதான் மிகக் குறைந்த மதிப்புள்ளது. தொடரை முடித்துவைக்கும் ஆட்டமே பெரியது என்று எண்ணும் பார்வையாளருக்கு இது விந்தையாகப்படலாம். ஆனால் இரண்டு வென்றவரின் கையில் 64இல் 56 ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

== ஆடாத ஆட்டங்களை எண்ணலாமா ==

பெர்மா வேறு வழியில் அதே விடைக்கு வந்தார். ஒன்றுக்குச் சுழியம் என்ற நிலையையே எடுத்துக்கொண்டால், முதலாமவருக்கு இன்னும் இரண்டு வெற்றி வேண்டும், மற்றவருக்கு மூன்று. எப்படிப் போனாலும் நான்கு ஆட்டங்களுக்குள் தொடர் முடிந்துவிடும். நான்கு ஆட்டங்களின் முடிவுகள் பதினாறு வகையில் அமையலாம். அவற்றுள் முதலாமவர் இரண்டோ அதற்கு மேலோ வெல்பவை 11. மற்றவர் மூன்றோ நான்கோ வெல்பவை 5. எனவே 64இல் பதினாறில் பதினொரு பங்கு, அதாவது 44. பாஸ்கல் படிப்படியாகப் பின்னோக்கி வந்து பெற்ற அதே எண்.

இந்த வழியைக் கணிதவியலாளர் ரோபெர்வால் ஏற்கவில்லை. அவருடைய மறுப்பை ஆகசுட்டு 24ஆம் தேதியிட்ட கடிதத்தில் பாஸ்கல் பெர்மாவுக்குத் தெரிவித்தார். முதலாமவர் அடுத்த இரண்டையும் வென்றுவிட்டால் தொடர் அங்கேயே முடிந்துவிடுகிறது. நடக்கவே போகாத மூன்றாவது, நான்காவது ஆட்டங்களையும் சேர்த்து நான்கு ஆட்டம் என்று எண்ணுவது எப்படிச் சரியாகும் என்பதே மறுப்பு. இன்றும் இக்கணக்கை முதன்முதலாகப் போடும் மாணவர் பலர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பாஸ்கலின் விடை எளிமையானது. வெற்றி முடிவான பின்னும் இருவரும் பொழுதுபோக்குக்காக மீதி ஆட்டங்களை ஆடி முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றின் முடிவு எதுவானாலும் தொடரை யார் வென்றார் என்பது மாறாது. இருவர் மட்டும் ஆடும்போது ஐந்தில் மூன்றை ஒருவர் வென்றுவிட்டால் மற்றவரால் மூன்றை எட்டவே முடியாது. ஆகவே ஐந்து ஆட்டங்களையும் ஆடியதாகக் கொண்டு எண்ணினாலும், மூன்றாவது வெற்றியோடு நிறுத்தி எண்ணினாலும் விடை ஒன்றே.

மூன்று பேர் ஆடினால் இந்த உத்தி செல்லாது என்று பாஸ்கல் ஐயுற்றார். அங்கு கற்பனை ஆட்டங்களையும் சேர்த்தால் இருவர் இலக்கை எட்டிவிட்டதாகத் தோன்றக்கூடும். முதலில் எட்டியவர் யார் என்பதைப் பார்த்து எண்ணினால் போதும் என்று பெர்மா விளக்கினார்; அவர் சொன்னதே சரி.

== சமமில்லாத ஆட்டக்காரர்கள் ==

பாஸ்கலும் பெர்மாவும் எடுத்தது சம வாய்ப்புள்ள ஆட்டம். விளையாட்டில் அது அரிது. ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு p என்றும், தோற்கும் வாய்ப்பு q என்றும் கொண்டால் (q = 1 − p), பாஸ்கலின் முறையில் மாற்றவேண்டியது ஒன்றுதான். இரண்டு மதிப்புகளுக்கு நடுவை எடுப்பதற்குப் பதிலாக, வென்றால் கிடைப்பதை p ஆலும் தோற்றால் கிடைப்பதை q ஆலும் பெருக்கிக் கூட்டவேண்டும்.

p = 0.6 என்று வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் தொடரை வெல்லும் வாய்ப்பு 0.6. இரண்டுக்கு ஒன்று என்றால் 0.6 + 0.4 × 0.6 = 0.84. ஒன்றுக்கு இரண்டு என்று பின்தங்கினால், இரண்டையும் வெல்லவேண்டும், 0.36. ஒன்றுக்கு ஒன்று என்பது 0.6 × 0.84 + 0.4 × 0.36 = 0.648. இப்படியே பின்னோக்கிச் சென்றால் முதல் ஆட்டத்தை வென்ற பின் 0.8208, தோற்ற பின் 0.4752, தொடர் தொடங்கும் முன் 0.68256 என்று வரும். பத்து ஆட்டத்தில் ஆறை வெல்லக்கூடியவர், நூறு தொடர்களில் ஏறக்குறைய 68ஐ வெல்வார். முதல் ஆட்டத்தைத் தோற்றுவிட்டால் வலியவரே சற்றுப் பின்தங்கிவிடுகிறார் என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது.

நிறுத்தி எண்ணும் வழியில் இதையே நேராக எழுதலாம். தொடர் மூன்று, நான்கு அல்லது ஐந்து ஆட்டங்களில் முடியும்:

```
3-0 :  p^3
3-1 :  3 p^3 q
3-2 :  6 p^3 q^2
```

எண்களை இட்டால் 0.216, 0.2592, 0.20736, கூட்டினால் மீண்டும் 0.68256. ஐந்தையும் ஆடியதாகக் கொள்ளும் பெர்மாவின் வழியில் ஐந்தில் மூன்று, நான்கு, ஐந்து வெற்றிகளின் வாய்ப்புகளைக் கூட்டினாலும், 10p³q² + 5p⁴q + p⁵ என்ற கோவை அதே எண்ணைத் தருகிறது.

பிழை நேர்வது பெரும்பாலும் இரு வழிகளையும் கலக்கும்போதுதான். நான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி நான்கு வகையில் அமையும், ஐந்தில் மூன்று பத்து வகையில் அமையும் என்று எண்ணி, 3, 6 என்ற எண்களுக்குப் பதிலாக 4, 10 என்று எழுதிவிடுவார்கள். முதல் மூன்றையும் வென்று நான்காவதைத் தோற்பது என்ற வரிசையும் அந்த நான்கில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தொடர் மூன்றாவது ஆட்டத்திலேயே முடிந்துவிட்டது. முதல் வரியில் ஒருமுறை எண்ணியும் ஆயிற்று. வென்ற ஆட்டமே தொடரின் கடைசி ஆட்டமாக இருக்கவேண்டும் என்பதால், அதற்கு முந்தைய மூன்றில் ஒரு தோல்வி எங்கே விழுந்தது என்று மட்டும் பார்க்கவேண்டும். அது மூன்று வகை. ஐந்தாவது ஆட்டத்தில் முடிந்தால் முந்தைய நான்கில் இரு தோல்விகள், ஆறு வகை.

இப்பிழையைக் கண்டுபிடிக்க p = 1/2 என்று இட்டுப் பார்த்தாலே போதும். சமமான இருவருக்கு விடை சரியாக 1/2 வரவேண்டும். சரியான கோவையில் 1/8 + 3/16 + 6/32 = 1/2. தவறான கோவையோ 11/16 என்று காட்டும். இருவருக்கும் பதினாறில் பதினொன்று என்றால் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டிவிடுகிறது.

== பந்துருட்டு ஆட்டமும் தலைகீழ்க் கேள்வியும் ==

திறமை வேறுபடும் ஆட்டக்காரர்களுக்கான பொதுத் தீர்வு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரிடமிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தது. யோகான் பெர்னூலி 1710இல் மோன்மோருக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தந்தார். மோன்மோர் 1713இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அக்கடிதத்தையும் சேர்த்து வெளியிட்டார். இவற்றைவிடச் சுவையானது ஆபிரகாம் டி முவாவரின் கணக்கு. பிரான்சிலிருந்து மதக் காரணங்களால் இலண்டனில் குடியேறிய இவர், 1711இல் வாய்ப்புகளை அளப்பது பற்றி இலத்தீனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரான்சிசு ரொபார்ட்சு என்பவர் முன்வைத்த கணக்குகள் அதை எழுதத் தூண்டின.

டி முவாவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இருவர் புல்தரையில் பந்துருட்டி ஆடுகிறார்கள். மூன்று வெற்றி இலக்கு. வலியவர் எளியவருக்கு இரண்டு வெற்றிகளை முன்கூட்டியே விட்டுக்கொடுத்தால் ஆட்டம் சமமாகிறது என்று அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஓர் ஆட்டத்தில் அவர்களின் வலிமை எந்த விகிதத்தில் இருக்கிறது?

சுழியத்துக்கு இரண்டு என்று தொடங்கும் வலியவர் மூன்றையும் வரிசையாக வெல்லவேண்டும். அதன் வாய்ப்பு p³. ஆட்டம் சமம் என்பதால் p³ = 1/2. இதிலிருந்து p ஏறத்தாழ 0.794 என்று வருகிறது. விகிதமாகச் சொன்னால் ஏறக்குறைய 50க்கு 13. ஒரே ஒரு வெற்றியை மட்டும் விட்டுக்கொடுத்துச் சமமாகும் இருவருக்கு விகிதம் ஏறக்குறைய 8க்கு 5 என்றும் அவர் கண்டார். அந்தக் கணக்கில் வலியவர் அடுத்த நான்கில் மூன்றையாவது வெல்லவேண்டும்.

முதல் இணையினர் எதையும் விட்டுக்கொடுக்காமல் மூன்று வெற்றிக்கு ஆடினால் வலியவரின் வாய்ப்பு 0.937 ஆகும். பதினாறு தொடர்களில் பதினைந்து. இரண்டு வெற்றி விட்டுக்கொடுத்தல் என்பது எவ்வளவு பெரிய சலுகை என்பது இங்கு தெரிகிறது.

== p எங்கிருந்து வருகிறது ==

பகடையின் ஆறு முகங்களைப் பார்த்தே வாய்ப்பைச் சொல்லிவிடலாம். ஆட்டக்காரரின் திறமைக்கு அப்படி முகங்கள் இல்லை. யாக்கோபு பெர்னூலி இதை நேராக எதிர்கொண்டார். அவர் 1705இல் மறைந்தபின், 1713இல் பாசெலில் வெளிவந்த அவருடைய இலத்தீன் நூலின் இறுதியில், நண்பர் ஒருவருக்கு எழுதியது போன்ற பிரெஞ்சுக் கடிதம் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் பொருள் ழு டி போம் எனப்படும், டென்னிசுக்கு முன்னோடியான பந்தாட்டம். திறமையை முன்கூட்டியே கணக்கிட இயலாது, ஆனால் நீண்ட நேரம் ஆட்டத்தைக் கவனித்து யார் எத்தனை முறை வென்றார் என்று எண்ணினால் வலிமையின் விகிதத்தை அறியலாம் என்றார் அவர். அந்த விகிதத்தைக் கொண்டு 15, 30, 45 என்று எண்ணும் ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் வாய்ப்புகளைக் கணக்கிட்டார். ஒரு பந்தை மூன்றில் இரண்டு முறை வெல்பவர் ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 208/243, அதாவது நூற்றுக்கு 86 அளவில்.

கவனித்து எண்ணுவதால் p முழுத் துல்லியமாகக் கிடைத்துவிடுவதில்லை. நூறு ஆட்டத்தில் அறுபதை வென்றவரின் உண்மையான p 0.55 ஆகவோ 0.65 ஆகவோ இருப்பது மிக இயல்பு. 0.55 என்றால் தொடரை வெல்லும் வாய்ப்பு 0.593, 0.65 என்றால் 0.765. ஓர் ஆட்டத்தின் வாய்ப்பு சமநிலைக்கு அருகில் சிறிது மாறினால் தொடரின் வாய்ப்பு அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மாறுகிறது. துல்லியமாகச் சொன்னால் 1.875 மடங்கு. மதிப்பீட்டில் உள்ள பிழையையும் தொடர் அதே அளவுக்குப் பெருக்கிவிடும்.

இன்னொரு வரம்பு கணக்கின் அடித்தளத்திலேயே உள்ளது. ஐந்து ஆட்டத்திலும் p மாறாது, ஒன்றின் முடிவு அடுத்ததைத் தொடாது என்று கொண்டே மேலே உள்ள கோவைகள் அனைத்தும் எழுதப்பட்டன. காயம், ஆடுகளம், அன்றைய உடல்நிலை ஆகியவை தொடர் முழுவதையும் ஒரே பக்கமாக இழுக்கலாம். ஓர் ஆட்டக்காரர் நல்ல நாளில் 0.7, மற்ற நாளில் 0.5 என்று ஆடுகிறார், இரண்டும் சம அளவில் வருகின்றன என்று கொள்வோம். அவருடைய சராசரி 0.6தான். ஆனால் நல்ல நாளில் தொடரை வெல்லும் வாய்ப்பு 0.837, மற்ற நாளில் 0.5, சராசரி 0.668. மாறாத 0.6க்குக் கிடைத்த 0.683ஐவிட இது குறைவு. நூறு ஆட்டங்களின் பட்டியலைப் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஒரே நாளில் நடந்த ஆட்டங்களைத் தனித்தனியே பிரித்து எண்ணும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்: நாள் மாறினால் திறன் மாறுபவரின் தொடர்களில் மூன்றுக்குச் சுழியம் என்னும் முடிவுகள், வெற்றியாகவும் தோல்வியாகவும், கோவை சொல்வதைவிட அடிக்கடி வரும்.